அணைந்த பஞ்சுப் பேல் மறுபடியும் பற்றுவது ஏன்?

"யாங்கூன் கிட்டங்கியில் பஞ்சுப் பேல் அடுக்கு மாலையில் தீப்பிடித்தது, அணைத்தோம், நடு இரவில் மறுபடி எரிந்தது. இப்போது புகை இல்லை. திரும்ப அடுக்கலாமா?"

இப்போது அடுக்க வேண்டாம். இறுக்கி அழுத்திய பேலின் மேல்தோலை நனைத்த நீர் உள்ளே இறங்குவதில்லை. ஆனால் இழைகளுக்கு இடையே தங்கியுள்ள கொஞ்சம் காற்றே கங்கு சுடரின்றி ஊர்ந்து செல்லப் போதுமானது. அது வெளிப்பரப்பை எட்டும்போதுதான் சுடர் எழுகிறது. ஆகவே, புகை இல்லாததை வைத்துத் தீ அணைந்ததாக முடிவு செய்ய இயலாது.

தீயணைப்புப் படையினர் குழாயுடன் உடன் நிற்க, தீப்பட்ட பேல்களையும் அவற்றை ஒட்டியிருந்தவற்றையும் கட்டடத்திற்கு வெளியே கொண்டுபோய், ஒன்றையொன்று தொடாதபடி திறந்தவெளியில் வையுங்கள். கட்டுக்கம்பியை உள்ளே வைத்து வெட்டவே கூடாது. பேல் விரிந்து காற்று புகுந்தால் நொடியில் பற்றிக்கொள்ளும். வெளியே பிரித்து, பஞ்சுக்குள் நீர் ஊறச் செய்யும் ஈரமூட்டித் திரவத்தை நீரில் கலந்து நனைக்கச் சொல்லுங்கள். வெப்பக் கேமரா மேற்பரப்பை மட்டுமே காட்டும் என்பதால், பிரிக்காத பேல்களில் நீண்ட கம்பி வெப்பமானியைச் செருகிப் பல நாள் பாருங்கள். அளவு ஏறிக்கொண்டே போனாலோ, ஓரிடத்தில் பழுப்பு நிறமும் கருகல் வாடையும் தெரிந்தாலோ, உள்ளே கங்கு இருக்கிறது.

நீர் குடித்த பேல்களின் எடை கூடியிருக்கும்; அடுக்கு சரியலாம். மூடிய கிட்டங்கியில் கார்பன் மோனாக்சைடும் தேங்கும், அதற்கு மணமில்லை. ஆகவே கதவுகளைத் திறந்து, படையினர் வாயு அளந்து அனுமதித்த பின்னரே ஆட்களை அனுப்புங்கள். தேங்காய் நார்க்கட்டுகளும் அங்கே இருந்தால், அவற்றையும் இதே போல் தனியே எடுத்து வையுங்கள்.