விளம்பர வாசகத்தில் நாங்கள், நாம், நீங்கள்

எண்ணெய்க் கடைக்காரர்: மரச்செக்கு எண்ணெய் விற்கிறேன். நோட்டீசில் “நாங்கள் தரத்தில் சமரசம் செய்ய மாட்டோம்” என்று போட்டேன். “நாங்கள்” என்றாலே தற்பெருமை, எடுத்துவிடு என்கிறான் தம்பி.

எடுத்தாலும் போகாது. “மாட்டோம்” என்பதிலேயே நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். அந்த வாக்கியத்தை எந்தக் கடைக்காரரும் சொல்லலாம் என்பதுதான் கோளாறு. இப்படி எழுதிப் பாருங்கள்: “எள்ளோடு கருப்பட்டி சேர்த்து வாகைமரச் செக்கில் ஆட்டுகிறோம். ஆட்டிய தேதி புட்டியில் இருக்கும். காறல் வாடை வந்தால் கொண்டு வாருங்கள், பணத்தைத் திருப்பித் தருகிறோம்.” “நாங்கள்” ஒன்றுகூட இல்லை, “ஓம்” என்று முடியும் வினை இரண்டு இருக்கிறது. ஆனாலும் பெருமையாகத் தெரியவில்லை. பொய்யென்றால் வாங்கியவர் உங்களைப் பிடித்துவிடலாம், அதனால்தான் நம்புகிறார். கருப்பட்டி சேர்க்காவிட்டால் அந்த வரியை எடுத்துவிடுங்கள், சரியா.

பழைய விளம்பர ஆள்: 1962இல் ஏவிஸ் என்ற வாடகைக் கார் நிறுவனம், தான் இரண்டாமிடம்தான், அதனால் கூடுதலாக உழைப்பதாகச் சொன்னதே. அதுவும் “நாங்கள்”தானே?

ஆமாம், நல்ல உதாரணம். தனக்கு நஷ்டமான ஒன்றை முதலில் ஒப்புக்கொண்டதால் அடுத்து சொன்னதும் எடுபட்டது.

நகைக்கடை ஊழியர்: “நாம்” போட்டால் எப்போதும் நெருக்கம் வரும். சேமிப்புத் திட்டத்துக்கு “நாம் சேர்ந்து சேமிப்போம்” என்று வைத்திருக்கிறோம்.

பாதி சரி. குடியிருப்போர் சங்கம் “நாம் தண்ணீரைச் சேமிப்போம்” என்றால் பொருந்தும், எல்லாரும் ஒரே தொட்டி. உங்கள் திட்டத்தில் மாதாமாதம் கட்டுபவர் வாடிக்கையாளர் மட்டும்தான். “பணம் என்னுடையது, இதில் நாம் எங்கே?” என்று அவருக்குத் தோன்றும். “நீங்கள் கட்டுங்கள், முதிர்வில் இவ்வளவு தருகிறோம்” என்று பிரித்தே சொல்லுங்கள்.

நகைக்கடை ஊழியர்: அப்போது “நம்ம ஊரு கடை” என்று எல்லாரும் போடுகிறார்களே?

அது வேறு. அங்கே யாரும் எதையும் சேர்ந்து செய்வதாகச் சொல்லவில்லை, உறவு மட்டும் கொண்டாடுகிறார்கள். ஆனால் வெளியூர்க் கடை திறந்த மறுநாளே “நம்ம” போட்டால் எனக்கு உறுத்துகிறது.

நகைக்கடை ஊழியர்: எங்கள் கடையே வெளியூர்தான். யாரும் உறுத்தியதாகச் சொல்லவில்லை.

உறுத்தியவர் கடைக்கு வந்து சொல்வாரா? சரி, இதை இப்படியே விடுவோம்.

மொழிபெயர்ப்பாளர்: இந்தி வாசகத்தில் “ஹம்” வருகிறது. நாமா, நாங்களா?

வாசகரும் அதில் உண்டா என்று எழுதியவரைக் கேளுங்கள். இந்தியில் இரண்டுக்கும் ஒரே சொல். ஊகித்துப் போடாதீர்கள்.

டியூஷன் நடத்துபவர்: “நீங்கள் இன்னும் கட்டணம் கட்டவில்லை” என்று அனுப்பினேன். ஒரு அம்மா சண்டைக்கு வந்துவிட்டார்.

இது விளம்பரமே இல்லை, இருந்தாலும் சொல்கிறேன். குறையைச் சொல்லும் இடத்தில் “நீங்கள்” விரல் நீட்டும். “ஜூன் கட்டணம் வந்து சேரவில்லை. கட்டியிருந்தால் ரசீது அனுப்புங்கள்” போதும்.

புதியவர்: ஒரு நோட்டீசில் “நாங்கள்” எத்தனை தடவை வரலாம்?

எண்ணாதீர்கள். எண்ணெய்க் கடைக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

இன்னொருவர்: “நாங்கள்” போட்டால் தற்பெருமையா?

மேலே.