தேற்றரவாளர் – மூணு இங்கிலீஷ் வார்த்தை, எது சரி?

"யோவான் 14:16ல தேற்றரவாளர் வர்ற இடத்துல, இங்கிலீஷ் பைபிள்கள்ல கிங் ஜேம்ஸ்ல கம்ஃபர்ட்டர், ஈஎஸ்வில ஹெல்ப்பர், புது என்ஐவில அட்வகேட். எனக்கு கிரேக்கம் தெரியாது. எதை எடுக்க?"

ஒண்ண மட்டும் எடுக்காதீங்கண்ணே. ஆறுதல், உதவி, வக்கீல், மூணுக்கும் பொதுவா என்ன இருக்குன்னு பாருங்க. துக்க வீட்டுல நம்ம பக்கத்துல வந்து இருக்கவரும் குழித்துறை கோர்ட்டுல நமக்காக எந்திரிச்சு பேசுறவரும் ஒரே ஆளு இல்ல, ஆனா ரெண்டு பேருமே கஷ்டத்துல இருக்கவன் பக்கத்துல வந்து நிக்காங்க. அந்த 'பக்கத்துல'தான் நடு அர்த்தம்.

இது ஊகம்தான, சரிபாக்கணும்லா? மூல மொழி வார்த்தை ஒவ்வொண்ணுக்கும் நம்பர் போட்டிருக்க ஸ்ட்ராங்ஸ் கன்கார்டன்ஸ்ல அந்த கிரேக்க வார்த்தைக்கு நம்பர் 3875, அதே நம்பர் 1 யோவான் 2:1லயும் வரும். அங்க அதே கிங் ஜேம்ஸே அட்வகேட்னு போட்டிருக்கு, நம்ம பழைய தமிழ் பைபிளும் இங்க தேற்றரவாளன்னு சொல்லிட்டு அங்க 'பரிந்து பேசுகிறவர்'னு மாத்திருது. அப்போ மொழிபெயர்த்தவங்க சண்டை போடல, வார்த்தை அகலம், இடத்துக்கு ஏத்த மாதிரி வெட்டிருக்காங்க.

நான் மாட்டுன இடம் ஒண்ணு உண்டு. கம்ஃபர்ட்னா கிங் ஜேம்ஸ் வந்த 1611ல வெறும் ஆறுதல் இல்ல, பலப்படுத்துறதும்தான், இன்னைக்கு அர்த்தத்த வச்சு படிச்சா கண்ணீர் தொடைக்கிறவர்னு மட்டும் தோணும். அப்புறம் மூணு அர்த்தத்தையும் ஒரே வசனத்துல கொட்டாதீங்க, வார்த்தைக்கு அகலம் இருக்கலாம், ஆனா அந்த வசனத்துக்கு எவ்வளவு வேணும்னு முன்னும் பின்னும் உள்ள வசனம்தான் சொல்லும். 18ல "திக்கற்றவர்களாக விடேன்"னு வருது பாத்தீங்களா, அங்க கோர்ட் வாடையே இல்ல.