பச்சை முத்திரை பணத்துக்கு மட்டும்தான்

கேள்வி: கையில் கொஞ்சம் பணம் இருக்கிறது. எஃப்.டி.க்குப் பதில் கிரீன் பாண்டு, இ.எஸ்.ஜி. ஃபண்டு என்கிறார்களே, அதில் போடலாமா? நிஜமாகவே சுற்றுச்சூழலுக்கு நன்மை நடக்கிறதா, கண்துடைப்பா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கடன் பத்திரங்களின் வெளியீட்டு ஆவணங்களைப் படித்துப் பார்ப்பதுதான் பல வருடங்களாக என் வேலை. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: கிரீன் பாண்டில் "கிரீன்" என்ற சொல் கம்பெனியைக் குறிப்பதில்லை. திரட்டுகிற பணம் எந்த வேலைக்குப் போகும் என்று ஒரு வாக்குறுதி தருகிறார்கள், அந்த வாக்குறுதிக்குத்தான் அந்தப் பெயர். பத்திரத்தின் மற்ற எல்லாமே, வட்டி, முதிர்வு, திருப்பித் தரும் பொறுப்பு எல்லாமே, சாதாரணக் கடன் பத்திரம்தான். அதனால் நீங்கள் சோதிக்க வேண்டியது அந்த வாக்குறுதியை மட்டும்தான்.

நல்ல வாக்குறுதி எப்படி இருக்கும் என்பதற்கு இந்தூர் மாநகராட்சியின் பத்திரத்தைச் சொல்வேன். இந்தூருக்குக் குடிநீர் நர்மதையிலிருந்து வருகிறது. நர்மதை அந்த ஊர்ப் பக்கம் ஓடவில்லை. சுமார் 70 கிலோமீட்டர் தள்ளி, கர்கோன் மாவட்டத்து ஜலூதிலிருந்து தண்ணீரை மேட்டுக்கு ஏற்றிக் கொண்டுவர வேண்டும். ராப்பகலாக மோட்டார் ஓடினால் கரண்ட் பில் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும், மாநகராட்சியின் செலவில் பெரிய பங்கு அதுதான். அந்த மோட்டார்களுக்காக 60 மெகாவாட் சூரிய மின் நிலையம் அமைக்க 2023 பிப்ரவரியில் பத்திரம் வெளியிட்டார்கள். 122 கோடி கேட்டார்கள், 700 கோடிக்கு மேல் விண்ணப்பம் வந்தது, 244 கோடி எடுத்துக்கொண்டார்கள். வட்டி 8.25 சதவீதம். 1,000 ரூபாய்ப் பத்திரம் ஒவ்வொன்றும் 250 ரூபாயாக நான்கு துண்டு. 3, 5, 7, 9 வருடங்களில் ஒவ்வொரு துண்டாகத் திரும்ப வரும். அதற்கு முன்பு காசியாபாத் மாநகராட்சி 2021-ல் கழிவுநீரைச் சுத்திகரித்துத் தொழிற்சாலைகளுக்குக் கொடுப்பதற்காக 150 கோடி திரட்டியது, ஆனால் அது பெரிய நிறுவனங்களுக்கு மட்டும் விற்கப்பட்டது. தனி ஆட்களும் விண்ணப்பித்து வாங்க முடிந்த முதல் மாநகராட்சிப் பசுமைப் பத்திரம் இந்தூருடையதுதான்.

இதை நல்ல வாக்குறுதி என்று ஏன் சொல்கிறேன் என்றால், எந்த ஊரில், என்ன பொருள், எத்தனை மெகாவாட், எந்த மோட்டாருக்கு என்று எல்லாம் பெயரோடு இருக்கிறது. அதோடு அது இல்லாத ஒன்றைப் புதிதாகக் கட்டுகிறது. பல பசுமைப் பத்திரங்களில் பணத்தின் பெரும்பகுதி ஏற்கெனவே கட்டி முடித்து ஓடிக்கொண்டிருக்கும் காற்றாலைக்கோ சோலாருக்கோ வாங்கிய பழைய கடனை அடைக்கத்தான் போகிறது. அது மோசடி இல்லை, ஆவணத்தில் எழுதியே இருப்பார்கள். ஆனால் நீங்கள் பணம் போட்டதால் கூடுதலாக ஒரு பேனல்கூட வரவில்லை, அது உங்கள் பணம் இல்லாவிட்டாலும் அங்கேதான் இருந்திருக்கும். அதனால் "பணத்தின் பயன்பாடு" என்ற பகுதியைத் திறந்து, புதிய திட்டத்துக்கு எத்தனை சதவீதம், பழைய கடனுக்கு எத்தனை, எத்தனை வருடம் பின்னோக்கிப் போகிறார்கள் என்று முதலில் பாருங்கள். பிரிவு பிரிவாக "புதுப்பிக்கத்தக்க ஆற்றல், பசுமைக் கட்டிடங்கள், தூய்மையான போக்குவரத்து போன்றவை" என்று மட்டும் இருந்து ஒரு ஊர்ப் பெயர்கூட இல்லை என்றால், அந்த வாக்குறுதியைச் சோதிக்க உங்களிடம் எதுவுமே இல்லை.

அப்புறம் இன்னொரு வகை இருக்கிறது, அதில் எல்லாம் தெளிவாக எழுதியிருக்கும், ஆனாலும் ஏமாற்றமாக இருக்கும். 2017-ல் ஸ்பெயின் நாட்டு எண்ணெய் நிறுவனமான ரெப்சால் 50 கோடி யூரோவுக்குப் பசுமைப் பத்திரம் வெளியிட்டது. ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் இருக்கும் தன் எண்ணெய்ச் சுத்திகரிப்பு, வேதிப்பொருள் ஆலைகளைக் குறைந்த ஆற்றலில் ஓடும்படி மாற்றுவதற்கு அந்தப் பணம். வெளி நிறுவனம் ஒன்று பார்த்துச் சான்றும் கொடுத்தது. ஆலை நிஜமாகவே குறைவான எரிபொருளில் ஓடும், அதில் பொய் இல்லை. ஆனால் ஒரு பீப்பாய் எண்ணெயால் வரும் கரியமில வாயுவில் பெரும்பகுதி, ஆலையில் வருவதில்லை, அந்த பெட்ரோலும் டீசலும் வண்டியில் எரியும்போதுதான் வருகிறது. ஆலையைச் சீர்படுத்தினால் அதன் ஆயுள் கூடும், அதே எண்ணெயை இன்னும் மலிவாக இன்னும் பல வருடம் விற்கலாம். கிளைமேட் பாண்ட்ஸ் இனிஷியேட்டிவ் என்ற அமைப்பு அந்தப் பத்திரத்தைத் தன் பசுமைப் பட்டியலில் சேர்க்க மறுத்துவிட்டது. அந்தத் தொழிலின் மாசில் பெரும்பங்கு எங்கே இருக்கிறது, இந்தப் பணம் அந்த இடத்தைத் தொடுகிறதா என்று கேட்டால் இந்த வகையைப் பிடித்துவிடலாம். சிமென்ட் கம்பெனி அலுவலகக் கூரையில் சோலார் போட்டு, சூளையைத் தொடாமல் விட்டால் அதுவும் இதே கதைதான்.

சரி, வாக்குறுதி நன்றாக இருக்கிறது, பணமும் போய்விட்டது. அடுத்த வருடம் "தாக்க அறிக்கை" என்று ஒன்று வரும், இத்தனை டன் கரியமில வாயுவைத் தவிர்த்தோம் என்று. இதை நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 60 மெகாவாட் என்பது வெயில் உச்சியில் கிடைப்பது. இரவு, மேகம், காலை மாலை எல்லாம் கழித்தால் வருடம் முழுவதும் சராசரியாக அதில் ஐந்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் வரும். 60 மெகாவாட், வருடத்துக்கு 8,760 மணி நேரம், 19 சதவீதம் என்று பெருக்கினால் ஏறத்தாழ 10 கோடி யூனிட். நம் நாட்டு மின்கட்டமைப்பில் ஒரு யூனிட்டுக்குச் சராசரியாகச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு வருகிறது. ஆக வருடத்துக்குச் சுமார் 70,000 டன். இதே அளவு நிலையத்துக்கு ஒருவர் 95,000 டன் என்று போட்டால், பழைய நிலக்கரி ஆலையின் கணக்கை, அதாவது யூனிட்டுக்கு ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவான அளவை எடுத்துப் பெருக்கியிருக்கலாம். ஒன்றரை லட்சம் என்றால் 25 வருட ஆயுளில் சில வருடங்களைச் சேர்த்துப் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள்.

ஒரு தடவை ஒரு கம்பெனியின் அறிக்கை என் மேசைக்கு வந்தது. டன் கணக்கு சரியாகத்தான் இருந்தது, பெருக்கிப் பார்த்தால் இம்மி பிசகவில்லை. ஆனால் அந்தக் காற்றாலையின் செலவில் பத்திரப் பணம் மூன்றில் ஒரு பங்குதான், மீதி வங்கிக் கடன். அறிக்கையிலோ முழுக் காற்றாலையின் டன்னையும் பத்திரத்தின் பெயரில் எழுதியிருந்தார்கள். அதைவிட மோசம், இரண்டு வருடம் முன்பு வெளியிட்ட வேறொரு பத்திரத்தின் அறிக்கையிலும் அதே காற்றாலை முழுசாக இருந்தது. இரண்டு அறிக்கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும், தனித்தனியாகப் படித்தால் தெரியவே தெரியாது. எனக்கு அன்றைக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை, ஏனென்றால் அதை நம்பிப் பணம் போட்டவர்களில் சம்பளத்தில் மிச்சம் பிடித்தவர்களும் இருந்தார்கள். அதனால் அறிக்கையில் "பத்திரத்தின் பங்கு இவ்வளவு" என்ற ஒரு வரி இருக்கிறதா என்று கட்டாயம் தேடுங்கள்.

வாக்குறுதியை மீறினால் என்ன ஆகும்? பல நாட்டுப் பத்திரங்களில் ஒன்றும் ஆகாது. வட்டி கட்டத் தவறினால் வழக்குப் போடலாம், ஆனால் பச்சைத் திட்டத்துக்குச் செலவிடாமல் விட்டால் அது கடன் தவறியதாக ஆகாது என்று ஆபத்துகள் பற்றிய பகுதியில் வெளிப்படையாகவே எழுதியிருப்பார்கள். இந்தியாவில் செபி 2023 பிப்ரவரியில் கொண்டுவந்த விதி கொஞ்சம் பரவாயில்லை: பணம் சொன்னபடி போகவில்லை என்றால் முதலீட்டாளர்களுக்கு அறிவிக்க வேண்டும், பத்திரம் வைத்திருப்பவர்களில் பெரும்பான்மையினர் கேட்டால் முன்கூட்டியே பணத்தைத் திருப்பித் தரவும் வேண்டும். ஆனால் பெரும்பான்மை என்றால் பெரிய ஃபண்டுகளும் காப்பீட்டு நிறுவனங்களும்தான், நாம் பத்துப் பத்திரம் வைத்திருப்பதால் தனியாக எதுவும் செய்ய முடியாது.

அந்தப் பெரியவர்கள் பேசினால் என்ன நடக்கும் என்பதற்கு 2020 நவம்பரில் ஒரு உதாரணம் கிடைத்தது. ஆஸ்திரேலியாவில் அதானியின் கார்மைக்கேல் நிலக்கரிச் சுரங்கத்துக்கு ஸ்டேட் பேங்க் ஆஃப் இந்தியா சுமார் 5,000 கோடி ரூபாய் கடன் தரக்கூடும் என்று செய்தி வந்தது. அந்த வங்கியின் பசுமைப் பத்திரத்தை வைத்திருந்த பிரான்ஸ் நாட்டு முதலீட்டு நிறுவனமான அமுண்டி, அந்தக் கடன் கொடுத்தால் பத்திரத்தை விற்றுவிடுவோம் என்று பகிரங்கமாகச் சொன்னது. பத்திரப் பணம் சூரிய மின்சாரத்துக்கே போயிருந்தாலும், பச்சைப் பணம் உள்ளே வந்ததால் வங்கியின் கையில் மிச்சமாகும் வேறு பணம் நிலக்கரிக்குப் போகலாம் அல்லவா? ஒரே பானையில் இருக்கும் தண்ணீர் மாதிரிதான் அது. வங்கி, பெரிய குழுமம் போன்றவை பத்திரம் வெளியிட்டால், பத்திரத்தோடு நிறுத்தாமல் ஆண்டறிக்கையில் அந்த வருடம் மொத்த மூலதனச் செலவு எங்கே போனது என்றும் பாருங்கள்.

இ.எஸ்.ஜி. ஃபண்டு, அதாவது சுற்றுச்சூழல், சமூகம், நிர்வாகம் ஆகிய மூன்றிலும் கம்பெனிகளின் மதிப்பெண்ணைப் பார்த்துப் பங்கு வாங்கும் ஃபண்டு, வேறு விஷயம். அங்கே பெரும்பாலும் ஏற்கெனவே சந்தையில் இருக்கும் பங்குகளை ஒருவரிடமிருந்து இன்னொருவர் வாங்குகிறார், கம்பெனிக்குப் புதுப் பணம் போவதில்லை. பல இ.எஸ்.ஜி. மதிப்பெண்கள், சுற்றுச்சூழல் பிரச்சினையால் அந்தக் கம்பெனியின் லாபத்துக்கு என்ன ஆபத்து என்பதைத்தான் அளக்கின்றன, கம்பெனியால் ஊருக்கு என்ன ஆபத்து என்பதை அல்ல. ஃபண்டின் மாதாந்தரப் பங்குப் பட்டியலைத் திறந்தால் மேலே பெரும்பாலும் தனியார் வங்கிகளும் மென்பொருள் நிறுவனங்களும் இருக்கும், நிஃப்டி ஃபண்டுக்கும் அதற்கும் எவ்வளவு வித்தியாசம் என்று நீங்களே ஒப்பிடலாம். ஜெர்மனியின் டி.டபிள்யு.எஸ். என்ற ஃபண்டு நிறுவனம், இ.எஸ்.ஜி. முறையைத் தான் சொன்ன அளவுக்குப் பின்பற்றவில்லை என்று 2023-ல் அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையத்திடம் 1.9 கோடி டாலர் அபராதம் கட்டியது. லாபத்துக்காக இந்த ஃபண்டை வாங்கினால் வாங்குங்கள், ஆனால் இதனால் ஒரு டன் குறைந்தது என்று நான் சொல்ல மாட்டேன்.

மத்திய அரசின் பசுமைப் பத்திரமும் இருக்கிறது, 2023 ஜனவரி, பிப்ரவரியில் முதலில் 16,000 கோடிக்கு வந்தது. பணம் திரும்ப வருமா என்ற கவலை அதில் இல்லை, நிலக்கரி, எண்ணெய் போன்றவற்றுக்கும் அணுமின் நிலையத்துக்கும் பணம் போகாது என்று விதியில் எழுதியிருக்கிறது. ஆனால் பணம் அரசின் பொதுக் கணக்கில் சேர்ந்து பல திட்டங்களுக்குப் பிரிவதால், இந்தூர் மாதிரி ஒரே இடத்தைக் கைகாட்ட முடியாது.

கடைசியாக ஒன்று, இதை நான் ஒவ்வொரு தடவையும் செய்கிறேன். வெளியீட்டு ஆவணத்தில் இணக்க அதிகாரியின் மின்னஞ்சல் இருக்கும். பத்திரம் வாங்குவதற்கு முன்பே அவருக்கு எழுதிக் கேளுங்கள்: புதிய திட்டத்துக்கு எத்தனை சதவீதம், முதல் அறிக்கை எந்த மாதம் வரும், டன் கணக்கில் பத்திரத்தின் பங்கை மட்டும் காட்டுவீர்களா. பதில் வந்த பத்திரங்களில் நான் போட்டிருக்கிறேன், இரண்டு வாரம் ஆகியும் வராதவற்றில் போட்டதில்லை.