இரும்பு உத்திரமும் செங்கல் வளைவும்: கசியும் பழைய தளத்தைச் சரிசெய்வது எப்படி?

கேள்வி: எங்கள் பழைய வீட்டின் கூரை, இரும்பு உத்திரங்களுக்கு நடுவே செங்கல் வளைவு வைத்துச் சுண்ணாம்பில் கட்டியது. கோடையில்கூடப் பகலில் உள்ளே குளுமையாக இருக்கும். சில வருடங்களுக்கு முன் கசிவை நிறுத்த மேலே சிமென்ட் தளம் போட்டோம். இப்போது உத்திரத்தை ஒட்டி நீளவாக்கில் விரிசல் விட்டுப் பூச்சு உதிர்கிறது. அந்த ஒரு வளைவை மட்டும் இடித்துவிட்டுக் கான்கிரீட் போடலாம் என்கிறார் மேஸ்திரி. செய்யலாமா? புதுத் தளமும் இதே போல் குளுமையாக இருக்குமா?

பதில்: தயவுசெய்து இடிக்க விடாதீர்கள். ஒரு வளைவு தனியாக நிற்பதில்லை. இருபுறமும் உள்ள உத்திரங்களை வெளிநோக்கித் தள்ளிக்கொண்டே நிற்கிறது. அடுத்த வளைவு எதிர்ப்புறமாகத் தள்ளுவதால் உத்திரம் அசையாமல் இருக்கிறது. இந்தத் தள்ளல் சிறியதல்ல. உத்திரங்களுக்கு இடையே 1.2 மீட்டர், வளைவின் நடு உயரம் 12 சென்டிமீட்டர் என்று வைத்துக் கணக்குப் பார்த்தால், தளத்தின் சொந்த எடையும் ஆட்கள் நடமாடும் எடையும் சேர்ந்து, உத்திரத்தின் ஒவ்வொரு மீட்டர் நீளத்திலும் ஏறத்தாழ ஒரு டன் விசை பக்கவாட்டில் விழுகிறது. ஒரு வளைவை எடுத்துவிட்டால் பக்கத்து வளைவு உத்திரத்தை அந்த வெற்றிடத்துக்குள் தள்ளும். உத்திரம் கொஞ்சம் விலகினாலே போதும், அந்த வளைவும் தட்டையாகி இறங்கிவிடும். கடைசி வளைவுக்கு மறுபுறத்தில் துணை இல்லாததால்தான் அங்கே இரண்டு உத்திரங்களையும் இழுத்துப் பிடிக்கும் இரும்புக் கம்பிகளைப் போட்டிருப்பார்கள். அவை துருப்பிடித்து அறுந்திருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள்.

குளுமைக்கு வருகிறேன். உங்கள் தளத்தில் செங்கல் சுமார் 11 சென்டிமீட்டர், அதன்மேல் சுண்ணாம்பு ஜல்லியும் தட்டோடும் சேர்ந்து இன்னும் அவ்வளவு அல்லது அதற்கும் மேல் இருக்கும். மொத்தம் 25 சென்டிமீட்டர் என்று கொள்ளுங்கள். செங்கலும் சுண்ணாம்பு ஜல்லியும் கான்கிரீட்டைவிட வெப்பத்தை மெதுவாகக் கடத்துபவை, தடிமனும் இரட்டிப்பு. தோராயக் கணக்கில், 12 சென்டிமீட்டர் கான்கிரீட் தளத்தின் மேல் அடித்த உச்சி வெயில் சுமார் 3 மணி நேரத்தில் கீழ்ப்பக்கத்தை எட்டிவிடுகிறது. உங்கள் தளத்தில் அதற்கு 8 மணி நேரம் ஆகும். வந்து சேரும்போதும் வெளியே இருந்த ஏற்ற இறக்கத்தில் எட்டில் ஒரு பங்குதான் மிஞ்சும். கான்கிரீட்டில் ஐந்தில் இரண்டு பங்கு மிஞ்சும். ஆகவே பிற்பகல் வெயில் உள்ளே தெரியும்போது இரவு பத்து மணி ஆகியிருக்கும். அந்நேரம் ஜன்னல்களைத் திறந்து வைத்தால் வெப்பம் வெளியேறிவிடும். அடைத்து வைத்தால் அது அறையிலேயே தங்கும். இந்தத் தளத்தின் கீழே இரவில் புழுக்கமாக இருக்கிறது என்பவர்களின் வீட்டில் பெரும்பாலும் காற்றோட்டம்தான் குறை. மெல்லிய கான்கிரீட் தளம், தனியாக வெப்பத்தடுப்பு போடாவிட்டால், இந்தத் தாமதத்தைத் தராது.

இப்போது விரிசல். உத்திரத்தை ஒட்டி, அதன் நீளத்துக்கு ஓடும் விரிசல் துருவின் அடையாளம். துரு, தான் தின்ற இரும்பைப் போலப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். அதுதான் பூச்சைப் பிளக்கிறது. வளைவின் நடு உச்சியில் நீளவாக்கில் ஓடும் விரிசல் வேறு கதை. உத்திரங்கள் விலகுகின்றன என்பது அதன் பொருள். அப்படி ஒன்று தெரிந்தால் அறைக்கு முட்டுக் கொடுத்துவிட்டுக் கட்டுமானப் பொறியாளரை அழைத்துவிடுங்கள். உங்கள் விவரப்படி முதல் வகைதான். அதற்குக் காரணம் நீங்கள் மேலே போட்ட சிமென்ட் தளம் என்றே நினைக்கிறேன். வெயிலில் விரிந்து சுருங்கும் சிமென்ட் தளத்தில் மயிரிழை விரிசல்கள் விழும். அவற்றின் வழியாக இறங்கும் மழைநீர் சுண்ணாம்பு ஜல்லியில் ஊறும். சிமென்ட் மூடியிருப்பதால் மேலே உலர வழியில்லை. வளைவின் முதுகு சரிந்து இறங்கும் இடம் உத்திரம். நீர் அங்கேதான் போய்த் தேங்கும். எடையையும் மறந்துவிடக் கூடாது. 3.6 மீட்டருக்கு 4.8 மீட்டர் உள்ள ஓர் அறையின் மேல் 5 சென்டிமீட்டர் சிமென்ட் தளம் கிட்டத்தட்ட 2 டன் கூடுதல் சுமை.

அதனால் வேலை மேலிருந்துதான் தொடங்க வேண்டும். சிமென்ட் தளத்தை உளியும் சுத்தியலும் கொண்டு சிறு துண்டுகளாகப் பெயர்த்தெடுக்கச் சொல்லுங்கள். உடைக்கும் இயந்திரத்தின் அதிர்வு பழைய சுண்ணாம்பு இணைப்புகளை உதிர்த்துவிடும். எடுத்த கட்டிகளைத் தளத்தின் மேலேயே குவிக்க விடாதீர்கள். பிறகு பொடிந்துபோன சுண்ணாம்பு ஜல்லியை மட்டும் நீக்குங்கள். கெட்டியாக ஒலிப்பது அப்படியே இருக்கட்டும். புதிய ஜல்லிக்கு, நன்றாக நீற்றி ஊறவைத்த சுண்ணாம்பு ஒரு பங்கு, செங்கல் பொடியான சுர்க்கி இரண்டு பங்கு சேர்த்துக் கலவை அரைத்து, அதைப்போல இரண்டு மடங்கு செங்கல் ஜல்லியோடு கலக்க வேண்டும். வடிகாலை நோக்கி 60 சென்டிமீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் சரிவு வைத்துப் பரப்பிய பின், மரக்கட்டையால் ஈரம் தெளித்துத் தெளித்து அடிப்பார்கள். இந்த அடிதான் தளத்தின் உயிர். சுமார் ஒரு வாரம், கட்டை பட்டதும் மேலே எகிறும் அளவுக்கு இறுகும் வரை, அடிக்க வேண்டும். கூலி மிச்சம் பிடிக்க இரண்டே நாளில் நிறுத்திய தளங்கள் கசிந்ததைப் பார்த்திருக்கிறேன். அதன்மேல் தட்டோடு பதித்து, இணைப்புகளைச் சுண்ணாம்புக் கலவையால் நிரப்பி, பத்து நாள் ஈரச்சாக்கு போட்டு வையுங்கள். பின்னர் வெள்ளையடித்தால் வெயிலைத் திருப்பி அனுப்பும்.

கீழ்ப்பக்கத்தைத் தளம் உலர்ந்த பிறகே தொடுங்கள். ஒரு மழைக்காலம் கசிவின்றிக் கழிந்தால் இன்னும் நல்லது. முட்டுக் கொடுத்து, உத்திரத்தின் அடிப்பட்டையில் உள்ள பூச்சை முழுவதும் நீக்கி, கம்பித் தூரிகையால் இரும்பு பளிச்சிடும் வரை தேய்க்கச் சொல்லுங்கள். பிறகு காலிப்பரால் அடிப்பட்டையின் தடிமனை அளந்து பாருங்கள். உலர்ந்த பகுதியில் 10 மில்லிமீட்டரும், கசிந்த இடத்தில் 9 மில்லிமீட்டரும் இருந்தால் துருத்தடுப்புப் பூச்சும் அதன்மேல் வண்ணமும் போதும். 7 மில்லிமீட்டராகக் குறைந்திருந்தால் வலுவூட்டல் தேவை. எப்படி என்பதைப் பொறியாளர்தான் கணக்கிட வேண்டும். எந்த இரும்பு என்று தெரியாமல் தகடு வைத்து வெல்டிங் செய்ய ஒப்புக்கொள்ளாதீர்கள். மிகப் பழைய உத்திரங்கள் அடுக்கடுக்கான தேனிரும்பாகவோ, நொறுங்கும் வார்ப்பிரும்பாகவோ இருக்கலாம். அவை வெல்டிங்கைத் தாங்குவது அரிது.

இன்னொரு அளவும் முக்கியம். உத்திரத்தின் முனைகள் சுவருக்குள் புதைந்திருக்கும். நடுவில் நன்றாக இருக்கும் உத்திரம் ஈரச் சுவருக்குள் கரைந்துபோயிருக்கலாம். கசிந்த உத்திரத்தின் இரு முனையிலும் ஓரிரு செங்கலை எடுத்து உள்ளே பார்க்காமல் எந்த மதிப்பீட்டையும் ஏற்காதீர்கள். முனை இற்றுப்போயிருந்தால் மட்டுமே உத்திரத்தை மாற்றும் பேச்சு வர வேண்டும். அப்போது அதன் இருபுற வளைவுகளை மட்டும் தாங்கினால் போதாது, அறை முழுவதற்கும் சென்டரிங் வேண்டும்.

செங்கற்களுக்கு இடையே உதிர்ந்த இணைப்புகளை 2 சென்டிமீட்டர் ஆழம் சுரண்டி, நீர் தெளித்து, சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்த கலவையை அழுத்தித் திணிக்க வேண்டும். அகலமான இடைவெளியில் செங்கல் சில்லுகளை ஆப்பாகச் செருகலாம். வளைவுக்குச் சுண்ணாம்புப் பூச்சு போடுங்கள், உத்திரத்தின் அடிப்பட்டையை மட்டும் மூடாதீர்கள். வெளியே தெரியும் இரும்பில் அடுத்த துருப்பொட்டு விழுந்தால் அன்றைக்கே கண்ணில் படும்.