வெயில் மாதங்களில் சீருடைத் துணி: பள்ளிக்கு எழுதும் கடிதம் பற்றிய கேள்வி பதில்

(பதில் சொல்பவர் சீருடைத் துணி மொத்த விற்பனையில் இருந்தவர்)

கேள்வி: வேலூர் வெயிலில் மகளின் பினாஃபோர் தாங்க முடியவில்லை. ‘சீருடையை மாற்றுங்கள்’ என்று எழுதினேன், முடியாது என்று பதில் வந்தது. வேறு எப்படி எழுதுவது?

சீருடையை மாற்றச் சொன்னால் எந்தப் பள்ளியும் தயங்கும். நிறம், கட்டம், தையல் எல்லாம் அப்படியே இருக்கட்டும், துணியின் கனத்தை மட்டும் குறைக்க அனுமதியுங்கள் என்று கேளுங்கள். இப்படி எழுதலாம்:

“மதிப்பிற்குரிய முதல்வர் அவர்களுக்கு, வணக்கம். மார்ச், ஏப்ரல், ஜூன் மாதங்களில் மட்டும் என் மகள் அதே நிறத்தில், அதே கட்டத்தில், கனம் குறைந்த துணியில் தைத்த சீருடை அணிய அனுமதி வேண்டுகிறேன். தற்போதைய துணியின் கனம் 240 ஜி.எஸ்.எம்., அதாவது சதுர மீட்டருக்கு 240 கிராம், நான் கேட்பது 160. இரண்டின் மாதிரித் துண்டுகளையும் இணைத்துள்ளேன்.”

அந்தத் துண்டுகளை விட்டுவிடாதீர்கள். பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் நிறம் மாறாது என்று நிர்வாகம் நம்பும். கனத்தை நீங்களே அளக்கலாம். தையல் மிச்சத் துணியில் பத்துக்குப் பத்து சென்டிமீட்டர் வெட்டி, நகைக்கடைத் தராசில் எடை போடுங்கள். 2.4 கிராம் என்றால் 240 ஜி.எஸ்.எம்.

அப்புறம், பினாஃபோரின் உள்ளே லைனிங் இருக்கிறதா பாருங்கள். பல நேரம் புழுக்கத்துக்கு அந்த பாலியஸ்டர் லைனிங்தான் காரணம். வெளித்துணி கண்ணாடிபோல் தெரியாது என்றால் லைனிங்கைப் பிரித்துவிடலாம், வெளியிலிருந்து ஒன்றும் தெரியாது.

கேள்வி: நூறு சதவீதம் பருத்தி என்று கேட்டால் போதாதா? எதற்கு இத்தனை கணக்கு?

சட்டைக்கு நீங்கள் சொல்வது சரி. பாலியஸ்டர் வியர்வையை உறிஞ்சாது, பருத்தி உறிஞ்சும். ஆனால் பேன்ட்டுக்குப் போடும் கனமான பருத்தி டிரில், மெல்லிய கலப்புத் துணியைவிடப் புழுங்கும். தூய பருத்தி சுருங்கும், வெளுக்கும், தினமும் இஸ்திரி கேட்கும். பள்ளி மறுக்கும்போது முதலில் சொல்வது இதைத்தான்.

கடைக்காரர் பருத்தி என்று கொடுத்தால் ஒரு நூலை இடுக்கியில் பிடித்து, தண்ணீர்த் தொட்டிக்கு மேல் கொளுத்துங்கள். காகிதம் எரியும் வாசனையோடு சாம்பலானால் பெரும்பாலும் பருத்தி. உருகிக் கெட்டியான மணியாக நின்றால் பாலியஸ்டர் இருக்கிறது. எவ்வளவு கலப்பு என்பது இதில் தெரியாது.

கேள்வி: என் பையனுக்கு ஷூவும் டையும்தான் தொந்தரவு. அதற்கும் இதே கடிதமா?

அதற்குத் துணி மாதிரி எதுவும் வேண்டாம். 2022 மே மாதம் மத்திய கல்வி அமைச்சகம் பள்ளிகளுக்கு அனுப்பிய வெயில்கால வழிகாட்டுதலில் டை விதியைத் தளர்த்தலாம், தோல் ஷூவுக்குப் பதில் கேன்வாஸ் ஷூ அனுமதிக்கலாம், தளர்வான வெளிர்நிறப் பருத்தி உடை அணியலாம் என்று இருக்கிறது. கடிதத்தில் அதைக் குறிப்பிடுங்கள். அது அறிவுரைதான், கட்டாயம் இல்லை. அதனால் மிரட்டும் தொனி வேண்டாம்.

கேள்வி: ‘இந்த வருடத் துணி வாங்கியாகிவிட்டது’ என்கிறார்கள். என்ன செய்வது?

அது பொய்யாக இருக்காது. பள்ளி திறப்பதற்குப் பல மாதங்கள் முன்பே ஆர்டர் போய்விடும். அடுத்த ஆண்டுக்கு நவம்பரிலேயே எழுதுங்கள், மற்ற பெற்றோரின் கையெழுத்தோடு. இந்த ஆண்டுக்கு வெளியில் துணி எடுத்துத் தைக்க விடுவார்களா என்பது பள்ளிக்குப் பள்ளி மாறும். சப்ளையரோடு அவர்கள் போட்ட ஒப்பந்தத்தைப் பார்க்காமல் என்னால் சொல்ல முடியாது.