போர்த் தண்ணீரில் மஞ்சளான டைக்ரோமேட்

ஐயா, நான் பி.எஸ்சி. வேதியியல் இரண்டாம் ஆண்டு. லேபில் டிஸ்டில்டு வாட்டர் தீர்ந்துபோன அன்று பொட்டாசியம் டைக்ரோமேட்டைப் போர்த் தண்ணீரில் கரைத்தோம். ஆரஞ்சாக இருந்தது மெல்ல மெல்ல மஞ்சளாகிவிட்டது. காரம் எதுவும் சேர்க்கவில்லை. எங்கள் ஊர்த் தண்ணீர் உப்பு, அதனாலா? இது ஆக்சிஜனேற்றமா, ஒடுக்கமா? வைவாவில் கேட்டால் என்ன சொல்வது? மீதியை வீட்டுக்குக் கொண்டுவந்து எலுமிச்சைச் சாறு விட்டேன், திரும்ப ஆரஞ்சாகிறது.
ச., தேவிபட்டினம்

தாயி,

முதலில் அந்த எலுமிச்சை. டைக்ரோமேட்டை யார் உன்னை வீட்டுக்குக் கொண்டுவரச் சொன்னது? ஆறு இணைதிற குரோமியம் புற்றுநோய் உண்டாக்குவது, அதைச் சமையலறை டம்ளரில் வைத்துக்கொண்டு வித்தை காட்டுவதா? முற்றத்து மணலில் கொட்டிவிடாதே. குரோமேட் நம் கடற்கரை மணலில் ஒட்டி நிற்காது, தண்ணீரோடு கீழே இறங்கும், கீழே இருப்பது நீங்கள் குடிக்கிற ஊற்று. பாட்டிலில் அடைத்துக் கல்லூரிக்கே கொண்டுபோய்க் கொடு. அமிலம் சேர்த்து ஃபெர்ரஸ் சல்ஃபேட் போட்டுப் பச்சையாக்கி, சுண்ணாம்பால் படிய வைக்க அவர்களுக்குத் தெரியும். அந்தப் பச்சைதான் ஒடுக்கம். மஞ்சளுக்கும் ஆரஞ்சுக்கும் நடுவில் ஆக்சிஜனேற்றமும் இல்லை, ஒடுக்கமும் இல்லை, இரண்டு பக்கமும் குரோமியம் +6 தான். வைவாவுக்கு இது போதும்.

உப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நம்பிக்கை இல்லாவிட்டால் டிஸ்டில்டு வாட்டரில் சாப்பாட்டு உப்பைக் கரைத்து அதில் டைக்ரோமேட்டைப் போட்டுப் பார், ஆரஞ்சு ஆரஞ்சாகவே நிற்கும். வேலையைச் செய்வது உப்போடு கூடவே வருகிற பைகார்பனேட். சிப்பியும் சங்கும் பவளமும் நொறுங்கிய மணலில் ஊறி வருகிற தண்ணீரில் அது இல்லாமல் இருக்குமா?

புத்தகம் ஒரே வரியில் முடித்துவிடுவதை இரண்டாகப் பிரித்து எழுதிப் பார்த்தால் விஷயம் தெளியும்:

CrO₄²⁻ + H⁺ ⇌ HCrO₄⁻
2HCrO₄⁻ ⇌ Cr₂O₇²⁻ + H₂O

முதல் படியில் அமிலம் வேலை செய்கிறது. பி.எச். 6.5 வாக்கில் அது பாதிக்குப் பாதி நிற்கும். இரண்டாவது படி கரைசல் எவ்வளவு அடர்த்தி என்பதைப் பொறுத்தது. உன் தண்ணீரில் இருக்கிற பைகார்பனேட் HCrO₄⁻ இடமிருந்து H⁺ ஐப் பிடுங்கிக் கார்பன் டை ஆக்சைடாகப் போகிறது. ஆனால் பைகார்பனேட்டும் குரோமேட்டும் H⁺ ஐப் பிடிப்பதில் கிட்டத்தட்ட சமபலம், அதனால் மூடிய பாட்டிலில் பாதியிலேயே நின்றுவிடும். திறந்த பீக்கரில் வாயு வெளியேற வெளியேறத்தான் மஞ்சள் ஏறும். நீ "மெல்ல மெல்ல" என்று எழுதினாயே, அந்த வார்த்தைக்காகத்தான் உனக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். லிட்டருக்கு 366 மில்லிகிராம் பைகார்பனேட் உள்ள தண்ணீர் என்று வைத்துக்கொண்டால், 100 மில்லி அதிகபட்சம் 88 மில்லிகிராம் டைக்ரோமேட்டைத்தான் மஞ்சளாக்க முடியும். நீங்கள் ஒரு கரண்டி அள்ளிப் போட்டிருந்தால் ஆரஞ்சாகவே இருந்திருக்கும், நீயும் கடிதம் எழுதியிருக்க மாட்டாய்.

சரி, நான் ரொம்ப நாளாகச் சொல்ல நினைத்தது வேறு. இந்த நிறமாற்றத்தை வைவாவுக்கு மனப்பாடம் செய்துவிட்டு, நாளைக்கே வேலைக்குப் போய்த் தண்ணீர்ப் பரிசோதனை மேசையில் நிற்கும்போது அதே நிறம் கண்ணெதிரே மாறினாலும் பார்க்காமல் போகிறவர்களைப் பற்றியது.

உச்சிப்புளிப் பக்கம் ஒரு கிணறு. எங்கள் சொந்தக்காரர்கள் தெருவே அதில்தான் குடிக்கத் தண்ணீர் எடுத்தது. ஒரு பரிசோதனைக்கூடம் கிளோரைடு 1345 என்று எழுதிக் கொடுத்தது. லிட்டருக்கு 1000 மில்லிகிராம் தாண்டினால் குடிக்க ஆகாது. கிணற்றைக் கைவிட்டு லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றார்கள். நான் அந்தத் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்தவன், லேசான உவர்ப்பு உண்டு, 1345 இல்லை. நானும் இதே தொழிலில் இருந்தவன் என்பதால் போய்ப் பக்கத்தில் நின்று இன்னொரு முறை செய்துகாட்டச் சொன்னேன்.

கிளோரைடு அளக்கிற மோர் முறை உனக்குத் தெரியும். 20 மில்லி சாம்பிளை நூறாக்கி, 5 சதவீதப் பொட்டாசியம் குரோமேட் ஒரு மில்லி விட்டு, பியூரெட்டிலிருந்து 0.0141 நார்மல் சில்வர் நைட்ரேட். கிளோரைடு முழுக்க வெள்ளையாகப் படிந்து முடிந்த பிறகுதான் சில்வர் குரோமேட்டின் செங்கல் சிவப்பு தலைகாட்டும். பரிசோதனைக்கூடத்துப் பையன் குரோமேட்டை விட்டான், எலுமிச்சை மஞ்சளாக நிற்க வேண்டியது ஆரஞ்சுச் சாயல் அடித்தது. அவன் கண் பியூரெட் கோட்டிலேயே இருந்தது. 30 போனது, 40 போனது, சிவப்பு வரவில்லை, கடைசியில் 54 இல் ஏதோ சிவந்தது, எழுதிக்கொண்டான்.

கேனைக் கேட்டு வாங்கிப் பார்த்தால், இரும்பு பார்ப்பதற்காக நைட்ரிக் அமிலம் விட்டு வைத்த கேன் அது. பிளாஸ்கில் பி.எச். 2 வாக்கில் இருக்கிறது. அங்கே குரோமேட்டாகவே மிஞ்சுவது ஏறக்குறைய முப்பதாயிரத்தில் ஒரு பங்கு, மற்றதெல்லாம் HCrO₄⁻, கொஞ்சம் டைக்ரோமேட். வெள்ளி சேர்ந்து சிவக்கக் குரோமேட் வேண்டுமே! அது இல்லாததால் கிளோரைடு தீர்ந்த பிறகும் வெள்ளியைக் கொட்டிக்கொண்டே போக வேண்டும், அந்த அதிகப்படியெல்லாம் கிளோரைடு கணக்கில் ஏறும்.

புதிதாக 20 மில்லி எடுத்து, குரோமேட் விட்டு, ஆரஞ்சை அவனுக்குக் காட்டிவிட்டு, சோடியம் பைகார்பனேட்டைச் சிட்டிகை சிட்டிகையாகப் போடச் சொன்னேன். நுரைத்தது, நுரை அடங்கியதும் தெளிந்த மஞ்சள். 22.6 இல் சிவந்தது. வெறும் தண்ணீருக்கான 0.2 ஐக் கழித்தால் 22.4, மில்லிக்கு 25 வீதம் 560. உவர்ப்புத்தான், ஆனால் வேறு வழியில்லாத ஊரில் குடிக்கிற தண்ணீர். அமிலம் விடாத கேனாக இருந்தால் இந்தச் சிட்டிகையே வேண்டியதில்லை, கிணற்றின் சொந்தப் பைகார்பனேட்டே பார்த்துக்கொண்டிருக்கும். உன் பீக்கரில் நடந்ததும் இதுதான்.

ஏன் காஸ்டிக் சோடா விடக்கூடாது என்று அவன் கேட்டான், நல்ல கேள்வி. காஸ்டிக் கை தவறினால் பி.எச். பத்தைத் தாண்டிவிடும், அப்போது வெள்ளி பழுப்பு ஆக்சைடாகப் படியும், அந்தப் பழுப்பைச் சிவப்பென்று எடுத்துக்கொண்டால் இன்னொரு தப்புக் கணக்கு. பைகார்பனேட்டை எவ்வளவு போட்டாலும் எட்டரைக்கு மேல் அவ்வளவாக ஏறாது.

உங்கள் லேபில் சில்வர் நைட்ரேட் இருந்தால் அதே போர்த் தண்ணீரில் இரண்டு பிளாஸ்க் எடு, ஒன்றில் மட்டும் இரண்டு சொட்டு நைட்ரிக் விடு. இரண்டிலும் குரோமேட் விட்டு, பியூரெட்டைத் திறக்கும் முன்னாலேயே எந்தப் பிளாஸ்க் பொய் சொல்லப்போகிறது என்று நிறத்தை வைத்து நோட்டில் எழுதிவிட்டு அப்புறம் டைட்ரேட் செய். இரண்டு அளவையும் எனக்கு எழுது.