முன்மொழிவிலிருந்து இயல் திட்டம்

"ஆய்வு முன்மொழிவு ஏற்கப்பட்டுவிட்டது, ஆய்வேட்டை முடிக்கக் கையில் 18 மாதம் இருக்கிறது. இயல் வாரியாக எப்படிப் பிரிப்பது?"

முன்மொழிவில் உள்ள ஆய்வுக் கேள்விகளைத் தனித்தாளில் எழுதுங்கள், ஒரு கேள்விக்கு ஒரு இயல். என் ஆய்வு சுய உதவிக் குழுக் கடன் பற்றியது. கடன் எதற்குச் செலவாகிறது, தவணை ஏன் தவறுகிறது என்ற இரண்டும் 4, 5 ஆம் இயல்களாயின. முறையியல் பகுதியில் 'செய்வேன்' என்று இருப்பதைக் களப்பணி முடிந்த கையோடு 'செய்தேன்' என்று மாற்றி 3 ஆம் இயலாக்கிவிடுங்கள், ஆறு மாதம் போனால் எத்தனை பேர் பேட்டிக்கு மறுத்தார்கள் என்பதே மறந்துவிடும்.

அப்புறம், காலத்தைக் கடைசித் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். திருத்தத்துக்கு 3 மாதம், முன்னுரைக்கும் முடிவுரைக்கும் 1, 4, 5 ஆம் இயல்களுக்கு மும்மூன்று, இலக்கிய மீளாய்வுக்கு 2, முறையியலுக்கு 1, மீதி 5 களப்பணிக்கு. நெறியாளர் ஒரு இயலைப் படிக்க மூன்று வாரமாவது ஆகும், அதற்குள் அடுத்த இயலைத் தொடங்கிவிடுங்கள்.